பத்தரை முதல் பன்னிரண்டு வரை

பொங்கலுக்கு மறுநாள் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுவார். அங்கிருந்து பாலாற்றைக் கடந்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்கு வருவார். திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசப் பெருமாள், பழைய சீவரம் லட்சுமி நரசிம்மர், சாலவாக்கம் சீனிவாசப் பெருமாள், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர் என ஐந்து ஊர்ப் பெருமாள்கள் ஒரே இடத்தில் சேவை சாதிக்கும் நாள் அது. இந்த விழா நாளுக்குக் கட்டுப்பட்டது, கிழமைக்கு அல்ல. தை இரண்டாம் நாள் 2024இல் செவ்வாய்க்கிழமை வந்தது, 2025இல் புதன்கிழமை, 2026இல் வெள்ளிக்கிழமை. எந்தக் கிழமையானாலும் அன்றைய பகலில் ஒரு ராகு காலமும் ஓர் எமகண்டமும் ஒரு குளிகையும் இருந்தே தீரும். பெருமாள் அவற்றுக்காகத் தோளுக்கினியானை நிறுத்தச் சொல்வதில்லை; கூட்டமும் அதை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அதே கூட்டத்தில் இருப்பவர்தான், மறுவாரம் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் கிளம்பும்போது நாட்காட்டித் தாளைப் பார்த்து, 'பத்தரை பன்னிரண்டு ராகு காலம், அது போகட்டும்' என்று வாசலில் காத்திருக்கிறார். இந்த இரண்டு நடத்தைகளும் ஒரே பக்தியிலிருந்து வருகின்றனவா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு முதலில் அந்தத் தாளில் இருக்கும் கணக்கு என்ன என்று தெரிய வேண்டும்.

கணக்கு எளிது. சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரையுள்ள பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கிழமையும் அந்த எட்டில் ஒரு பங்கு ராகுவுக்கு. திங்களன்று இரண்டாம் பங்கு, சனியன்று மூன்றாவது, வெள்ளியன்று நான்காவது, புதனன்று ஐந்தாவது, வியாழனன்று ஆறாவது, செவ்வாயன்று ஏழாவது, ஞாயிறன்று எட்டாவது. முதல் பங்கு மட்டும் எந்த நாளிலும் ராகுவுக்குக் கிடையாது. உதயம் ஆறு மணி, அஸ்தமனம் ஆறு மணி என்று வைத்துக்கொண்டால் ஒரு பங்கு சரியாக ஒன்றரை மணி நேரம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று வீட்டுப் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் நேரங்கள் இப்படித்தான் கிடைக்கின்றன. இந்தக் கணக்கில் வானத்தில் இருக்கும் ராகுவுக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜோதிடத்தின் ராகு என்பது சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் ஒரு புள்ளி. அது ராசி மண்டலத்தைப் பின்னோக்கி ஒரு முறை சுற்றச் சுமார் 18 ஆண்டு ஏழு மாதம் ஆகிறது. அந்தப் புள்ளி இன்று எந்த ராசியில் இருக்கிறது என்பது ராகு காலத்தைக் குறிப்பவருக்குத் தேவையே இல்லை. கிழமையின் பெயரும் உதய, அஸ்தமன நேரங்களும் தெரிந்தால் போதும்.

எமகண்டமும் குளிகையும் இன்னும் சுவையானவை, ஏனென்றால் அவற்றுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. நாளின் எட்டுப் பங்குகளை அன்றைய கிழமைக்குரிய கிரகத்தில் தொடங்கி, வாரத்தின் வரிசையிலேயே ஒவ்வொரு கிரகத்துக்கும் கொடுத்துக்கொண்டே போங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பங்கு சூரியனுக்கு, இரண்டாவது சந்திரனுக்கு, மூன்றாவது செவ்வாய்க்கு, நான்காவது புதனுக்கு, ஐந்தாவது வியாழனுக்கு, ஆறாவது வெள்ளிக்கு, ஏழாவது சனிக்கு. எட்டாவதற்கு அதிபதி இல்லை. சனியின் பங்கில் உதிப்பவன் குளிகன். ஞாயிறன்று குளிகை பிற்பகல் மூன்று முதல் நாலரை, அதாவது ஏழாவது பங்கு. சரியாகப் பொருந்துகிறது. வியாழனின் பங்கு ஐந்தாவது, பன்னிரண்டு முதல் ஒன்றரை. அதுதான் ஞாயிற்றுக்கிழமை எமகண்டம்! வேறு எந்தக் கிழமைக்குப் போட்டுப் பார்த்தாலும் இது மாறாது. குரு பார்க்கக் கோடி நன்மை என்று சொல்கிற அதே மரபில், குருவுக்குரிய பங்கை எமன் பெயரைச் சொல்லி ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஜாதக நூல்களும் எமகண்டகனைக் குருவின் உபகிரகமாகவே எண்ணுகின்றன. பெயரில் எமன் இருப்பதால் வந்த அச்சமே நூலின் கணக்கைவிட வலுவாக நின்றுவிட்டது என்று நினைக்கத் தோன்றுகிறது. ராகு காலத்தின் வரிசையில் இப்படி வாரத்தை ஒட்டிய ஓட்டம் எதுவும் தெரியவில்லை. ராகுவுக்கென்று ஒரு கிழமையே இல்லாதபோது எப்படித் தெரியும்?

இப்போது அந்தக் கணக்கை 2026 தை இரண்டாம் நாளுக்கு, அதாவது ஜனவரி 16 வெள்ளிக்கிழமைக்கு, திருமுக்கூடல் மண்ணில் வைத்துப் போட்டுப் பார்க்கலாம். அன்று அங்கே சூரியன் உதிப்பது சுமார் 6.37 மணிக்கு, மறைவது சுமார் 6.03க்கு. பகலின் நீளம் 11 மணி 26 நிமிடம். எட்டால் வகுத்தால் ஒரு பங்குக்கு ஒன்றரை மணி நேரம் வராது, ஏறக்குறைய 86 நிமிடம்தான். நான்காம் பங்கு 10.54க்குத் தொடங்கி 12.20க்கு முடிகிறது. நாட்காட்டித் தாளோ 10.30 முதல் 12 வரை என்கிறது. ஆக, தாளை நம்பிப் பத்தே முக்கால் மணிக்கு வீட்டிலேயே நின்றவர் ராகு இல்லாத நேரத்தில் நின்றார். பன்னிரண்டு அடித்ததும் நிம்மதியாகப் புறப்பட்டவர் ராகு காலத்துக்குள் நடந்து போனார். ஜூன் நடுவில் வேறு விதமாகப் பிசகுகிறது. அப்போது உதயம் சுமார் 5.44, அஸ்தமனம் 6.38, ஒரு பங்கு ஏறக்குறைய 97 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 5.01க்குத் தொடங்கி 6.38 வரை போகிறது. தாளில் அது நாலரை முதல் ஆறு. திங்கட்கிழமை ராகு காலம் ஜனவரியில் எட்டு மணிக்கு மேல்தான் தொடங்குகிறது, ஜூனில் 7.21க்கே வந்துவிடுகிறது.

பிசகு எங்கிருந்து வந்தது என்பதும் மர்மமல்ல. நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரம். திருமுக்கூடல் அதற்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டு மணி கடந்து 11 நிமிடத்துக்கு. இந்திய நேரம் என்ற இந்த ஏற்பாடு 1906 ஜனவரி முதல் தேதி வந்தது. அதற்கு முன் வழக்கில் இருந்த சென்னை நேரத்துக்கும் காஞ்சிபுரத்து வெயிலுக்கும் வித்தியாசம் ஓரிரு நிமிடம்தான். அது தவிர, சூரியனே ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் வருவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் திருமுக்கூடலின் உச்சிப்பொழுது 11.54க்கே வந்துவிடும், பிப்ரவரியில் 12.25 வரை தள்ளும். ஆறு மணி உதயம் என்ற எளிமை மனப்பாடத்துக்காக வந்தது. நிழலைப் பார்த்துப் பொழுதறிந்த காலத்தில் அந்தப் பிசகு பெரிதாகப் பட்டிருக்காது, ஏனென்றால் எட்டில் ஒரு பங்கு என்பதையே கண்ணால்தான் அளந்தார்கள். கைக்கடிகாரம் வந்த பிறகுதான் தோராயமான ஒரு பங்கு நிமிடச் சுத்தமான எல்லையாக மாறியது. இன்று பத்து இருபத்தொன்பதுக்கு முன்பணம் கொடுத்துவிட வேண்டும் என்று கடையில் பதறுகிறவர் நூலுக்குக் கட்டுப்படுவதாக எண்ணிக்கொண்டு அச்சகத்துக்குக் கட்டுப்படுகிறார். ராகு காலத்தில் தாலி கட்டியே தீருவோம் என்று கிளம்பிய சுயமரியாதைக்காரர்களும் அதே தாளைப் பார்த்துத்தான் நேரம் குறித்தார்கள் என்பது தனி வேடிக்கை. சில திருமணங்கள் அவர்கள் அறியாமலே நல்ல நேரத்தில் நடந்திருக்கும்.

இதற்கு ஒருவர் சொல்லக்கூடிய பதில் உடனே வரும்: தாள் தவறென்றால் திருத்திக்கொள்ளலாமே, நல்ல பஞ்சாங்கம் ஊருக்கு ஊர் உதயம் பார்த்தே கணிக்கச் சொல்கிறது. உண்மைதான். ஆனால் திருத்தத் தொடங்கினால் எந்தப் பஞ்சாங்கம் என்ற கேள்வி காத்திருக்கிறது. பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும், வானத்தில் காணும் நிலையை ஒட்டிக் கணிக்கும் திருக்கணிதமும் தமிழ்நாட்டில் இரண்டும் வழக்கில் உள்ளன. 2020இல் சனி மகரத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி ஜனவரி 24. வாக்கியப்படி டிசம்பர் 27. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றி டிசம்பரில் விழா எடுத்தது. இடைப்பட்ட பதினோரு மாதம் ஒரு ஜாதகருக்கு ஏழரைச் சனி முடிந்ததா இல்லையா என்பது அவர் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே பஞ்சாங்கத்துக்குள்ளும் விதிகள் ஒன்றோடொன்று மோதும். பகலைப் பதினைந்து முகூர்த்தமாகப் பிரித்தால் நடுவில் வரும் எட்டாவது முகூர்த்தம் அபிஜித். உச்சிப்பொழுதுக்கு முன்னும் பின்னுமாகச் சுமார் 48 நிமிடம். பல தோஷங்களைப் போக்கக்கூடியது என்று அதைச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிவது சரியாக உச்சிப்பொழுதில். ஆகவே வெள்ளிதோறும் அபிஜித்தின் முதல் பாதி ராகுவின் கையில் இருக்கிறது. எது எதை வெல்லும் என்று கேட்டால் கேட்கப்படும் ஆளைப் பொறுத்துப் பதில் மாறும்.

இன்னும் வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. நிமிடக் கணக்கு எப்படியோ போகட்டும், நல்ல நாள் பார்ப்பது தமிழரின் தொன்மையான நெறி, அதை விட்டால் மரபே போய்விடும் என்பது. முதல் பாதி முழுக்கச் சரி. அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்கள் திருமணத்தை வருணிக்கும்போது திங்கள் உரோகிணியோடு கூடிய நல்ல நாளைச் சொல்கின்றன. தொல்காப்பியத்தின் களவியல், ஓரையையும் நாளையும் தலைவன் புறக்கணிக்கலாகாது என்கிறது. ஆனால் இவற்றில் இருப்பது என்ன, இல்லாதது என்ன என்று பார்க்க வேண்டும். சந்திரன் நட்சத்திரத்தோடு சேர்வது வானத்தில் கண்ணால் காணும் நிகழ்ச்சி. அங்கே கிழமை இல்லை. கிழமை இல்லாமல் ராகு காலம் இருக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கணக்கின் முதல் வரியே 'இன்று என்ன கிழமை' என்பதுதான். ஏழு கிரகங்களின் பெயரால் ஓடும் வாரம் மேற்கிலிருந்து ஓரைக் கணக்கோடு இங்கு வந்தது. ஓரை என்ற சொல்லே கிரேக்கத்தோடு உறவுடையது. இந்தியக் கல்வெட்டில் கிழமை குறிக்கப்பட்ட பழைய சான்றாகக் காட்டப்படுவது புதகுப்தனின் காலத்து ஏரண் கல்வெட்டு, கி.பி. 484, ஒரு வியாழக்கிழமை. நாள் பார்த்தல் பழையது. கிழமையை எட்டாக வெட்டி ஒரு துண்டை ஒதுக்குவது அதற்குப் பிந்தியதாகவே இருக்க முடியும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'மரபு' என்று எழுதி ஒட்டுவது மரபுக்கு நாம் செய்கிற மரியாதை அல்ல.

நாள் என்பதும் வேளை என்பதும் வேறு என்று நம் கோயில்களே தெளிவாகக் காட்டுகின்றன. திருமுக்கூடல் கோயிலின் புகழ் பெற்ற கல்வெட்டு வீரராசேந்திர சோழனுடையது. பதினோராம் நூற்றாண்டின் பிற்பாதி. விழாக்களுக்கும், வேதமும் இலக்கணமும் ஆகமமும் கற்ற மாணவரின் உணவுக்கும், பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர்சாலைக்கும், அங்கே வைத்திருக்க வேண்டிய மருந்துகளுக்கும் தனித்தனியே ஒதுக்கீடு சொல்லும் கல்வெட்டு அது. பொதுவாகச் சோழர் காலத்துக் கொடைகள் எந்த நாளில் அளிக்கப்பட்டன என்று பார்த்தால், திதியும் நட்சத்திரமும் கிழமையும் சேர்த்துக் குறிக்கும் பழக்கம் இருந்தது. கிரகணத்தன்று கொடுக்கப்பட்ட தானங்களும் ஏராளம். கிரகணம் என்றால் ராகுவோ கேதுவோ சந்திரனையோ சூரியனையோ பற்றிக்கொண்டிருக்கும் நேரம். ராகுவின் பிடி கண்ணுக்கே தெரிகிற அந்தப் பொழுதைத்தான் தானத்துக்கு உயர்ந்த பொழுது என்று நிலமும் பொன்னும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்றும் செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை வரை துர்க்கை சந்நிதியில் எலுமிச்சை மூடியில் விளக்கேற்றும் பெண்கள் ராகு காலத்தைத் தேடித்தான் போகிறார்கள். திருநாகேசுவரத்தில் ராகுவுக்குப் பாலபிஷேகம் நடப்பதும் ராகு காலத்தில். வெள்ளிக்கிழமை உச்சிக்கால பூசை ராகு காலத்துக்குள்ளேயோ அதை ஒட்டியோ வருகிறது. எந்தக் கோயிலும் அதற்காக நடையைச் சாத்துவதில்லை. கும்பாபிஷேகத்துக்கும் கொடியேற்றத்துக்கும் லக்னம் பார்க்கிறார்களே என்று கேட்கலாம். பார்க்கிறார்கள், ஆகமம் அதைக் கேட்கிறது. அது ஒரு செயலைத் தொடங்க வேளை தேர்ந்தெடுப்பது. தினசரி வாழ்வின் நாலில் ஒரு பங்கு பகலை அஞ்சி ஒதுக்கும் நடைமுறை அதிலிருந்து பிறக்க வேண்டியதில்லை.

இனி பக்தி நூல்கள். சைவத்தில் இந்தக் கேள்வி நேருக்கு நேர் எழுந்த இடம் ஒன்றைச் சேக்கிழார் பதிவு செய்திருக்கிறார். திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட ஞானசம்பந்தரை, கோள்நிலை சரியில்லை என்று சொல்லித் தடுக்கிறவர் வேறு யாருமல்ல, அப்பர். சம்பந்தர் கோள்நிலையைத் திரும்பக் கணித்துப் பார்க்கவில்லை, பரிகாரமும் கேட்கவில்லை. சிவன் உள்ளத்தில் இருக்கும்போது ஏழு கோள்களும் இரண்டு பாம்புகளும் அடியாருக்கு நல்லவையே என்று பாடிவிட்டுக் கிளம்பினார். அதையே கோளறு பதிகம் என்கிறோம். இன்று அந்தப் பதிகத்தையே ராகு கால தோஷம் நீங்கப் பாராயணம் செய்கிறார்கள். கணக்கைத் தாண்டிப் போகப் பாடியது கணக்கின் உறுப்பாகிவிட்டது. வைணவத்தில், அதாவது திருமுக்கூடல் பெருமாளின் சொந்தச் சம்பிரதாயத்தில், இது இன்னும் கண்டிப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் சரணாகதிக்கு இடம், காலம், முறை, செய்பவர், பலன் ஆகிய ஐந்திலும் நியமம் கிடையாது, யாரைச் சரணடைகிறோம் என்பதில் மட்டுமே நியமம் என்கிறார். காலம் அந்தப் பட்டியலில் தற்செயலாக வரவில்லை. கர்மங்களுக்கு வசந்தத்தில் செய், அதிகாலையில் செய் என்று காலம் விதித்த நூல்களை நன்றாக அறிந்தவர், இதற்கு அது கிடையாது என்று பிரித்துச் சொல்கிறார்.

ஏகாதசியைத் திதி பார்த்தே விரதம் இருந்து, துவாதசியில் பாரணை செய்யும் வைணவர்கள் இந்தச் சூத்திரத்தை மீறுகிறார்களா? இல்லை. ஏகாதசி பெருமாளுக்குரிய நாள்; அதை நினைவில் வைப்பது கைங்கரியம். ராகு காலம் யாருக்கும் உரிய நாள் அல்ல. அதைத் தவிர்ப்பதால் பெருமாளுக்கு ஒன்றும் சேர்வதில்லை, நமக்கு ஒன்று நேராமல் இருக்கும் என்பது மட்டுமே கணக்கு.

அனுபவத்தைக் காட்டி வாதிடுவோரும் உண்டு: ராகு காலத்தில் தொடங்கியது விளங்கவில்லை, எத்தனையோ பார்த்தாயிற்று என்பார்கள். ராகு காலமும் எமகண்டமும் சேர்ந்தால் பகலில் நாலில் ஒரு பங்கு. குளிகையையும் சேர்த்தால் எட்டில் மூன்று. எந்த விதியும் இல்லாமல் நடந்தாலும் பகலில் நேரும் துன்பங்களில் நாலில் ஒன்று அந்த இரண்டுக்குள் விழத்தான் செய்யும். மற்ற முக்கால்வாசித் துன்பத்துக்கு யாரும் தாளைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அதைவிட, 10.54க்குத் தொடங்கும் ராகு காலத்தை 10.30 என்று எண்ணிக்கொண்டே திரட்டிய அனுபவம் எதற்குச் சான்று என்பது எனக்குப் புரியவில்லை. கடைசியாக வருவது மனசாந்தி: நிமிடம் முக்கியமில்லை, மனம் நிறைந்தால் போதும். இதை மறுக்க நான் முயலவில்லை. ஆனால் இதைச் சொல்கிறவர் ஒரு பெரிய விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறார். நேரம் பிசகினாலும் மனம் நிறைந்தால் போதும் என்றால், வேலை செய்தது மனமே, நேரம் அல்ல. நேரமே வேலை செய்கிறது என்றால், அரை மணி பிசகிய தாள் யாரையும் காக்கவில்லை. இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

பிள்ளை லோகாசாரியர் தம் சூத்திரத்துக்கு எடுத்துக்காட்டாகப் பாரதத்திலிருந்து இருவரைச் சொல்கிறார். திரௌபதி நீராடிச் சுத்தமாகி வந்து சரணம் சொல்லவில்லை. தீட்டோடு, ஒற்றை ஆடையோடு, சபைக்கு இழுத்து வரப்பட்ட நிலையில் கூப்பிட்டாள். அருச்சுனன் சரம சுலோகத்தைக் கேட்டது கொல்ல நின்ற கூட்டத்தின் நடுவில். கூப்பிட்ட வேளை எட்டில் எத்தனையாவது பங்கு என்று கதையில் யாரும் கேட்கவில்லை. சேலை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.